உருகாத கம்பி

மின் நிறுவனத்தின் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. எங்கள் துணைத் தபால் நிலையத்தில் தபால்களைப் பிரித்து அடுக்குவது என் வேலையாதலால், அது என் கைக்குத்தான் முதலில் வந்தது. பெறுநர்: ஸ்ரீமதி ஊர்மிளா நாம்தேவ், மறைந்த ஜுகல்கிஷோர் நாம்தேவின் மனைவி. ஜுகல் என் தம்பி. விதிப்படி பதிவேட்டில் ஏற்றி, தபால்காரரிடம் கொடுத்து, மாலையில் வீட்டுக்குப் போய், அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்த அதே உறையை என் மனைவி கிரிஜா மூலம் கேட்டு வாங்கித்தான் படித்தேன்.

கடிதத்தில் மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியின் கடைசி வரி இப்படி இருந்தது: "விபத்துக்கு இறந்தவரின் சொந்த அஜாக்கிரதையே காரணம் என்பதால், நிறுவனத்துக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை."

நான் சத்தமாகப் படித்தேன். ஊர்மிளா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். எங்கள் ஹர்தௌலியில் தம்பி மனைவி மூத்தாரின் முன்னால் முகம் காட்டுவதில்லை, நேரே பேசுவதும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் எனக்குச் சொன்னதெல்லாம் கிரிஜாவின் வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது.

"ஜீஜி, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. கிரிஜாவை அவள் ஜீஜி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"காதுல விழுந்துதா? இன்னொரு தடவையாம்," என்றாள் கிரிஜா, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம்.

படித்தேன்.

"பணம் கொடுக்கட்டும், கொடுக்காமப் போகட்டும் ஜீஜி. அந்த வரியை அவங்களே அழிக்கணும். அதை மட்டும் சொல்லிடுங்க."

நடந்தது இதுதான். ஜூலை ஒன்பதாம் தேதி, காலை ஆறு பத்து. இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. பள்ளிக்கூடம் திறந்த மாதம். தையல்காரனான ஜுகல் தைத்து முடித்த பதினெட்டுச் சீருடைச் சட்டைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். தெருமுனையில் நன்னே சாஹுவின் மாவு மில் எதிரே மின்கம்பி அறுந்து கிடந்தது. கம்பத்தில் நான்கு கம்பிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடுகின்றன. மேலே மூன்றில் மின்சாரம், அடியில் நியூட்ரல். மேல் கம்பி ஒன்று, இரண்டு துண்டுகளைச் சேர்த்து முறுக்கிய பழைய ஒட்டில் அறுந்து, நியூட்ரலில் உரசித் தீப்பொறி சிதற வழுக்கி இறங்கி, முழங்கால் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் விழுந்திருந்தது. பொறி பறந்ததை மில்லின் மாடியிலிருந்து நன்னே பார்த்தான். அவன் கத்துவதற்குள் ஜுகல் பள்ளத்துக்குள் சைக்கிளை விட்டுக் காலை ஊன்றிவிட்டான்.

பக்கத்தில் போக யாராலும் முடியவில்லை. நன்னே லைன்மேன் பையாலாலின் கைபேசிக்குப் போன் செய்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. துணைமின் நிலையத்தின் எண் தெருவில் யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் அங்கேயே போய்ச் சொல்லி, மின்சாரம் நிற்கும்போது ஆறு முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிடம் என் தம்பி தண்ணீரில் கிடந்தான். பள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்ற சைக்கிளின் கேரியரில் சட்டை மூட்டை மட்டும் நனையாமல் இருந்தது.

போலீஸ் வந்தது, சாட்சிகளை வைத்துப் பஞ்சநாமா எழுதியது, பிரேதப் பரிசோதனை நடந்தது. அறிக்கையில் மின்சாரம் தாக்கி இதயம் நின்றதாக இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அதற்கு யார் பொறுப்பு என்ற அடுத்த கேள்வியில்தான்.

இளநிலைப் பொறியாளர் சௌரசியாவின் அலுவலகத்துக்கு நான் பதினொரு முறை போனேன். தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். முதல் முறை போனபோது அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு விசிறி அவர் தலைக்கு மேல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த ஒட்டு பொறி விடுதுன்னு மூணு நாள் முன்னாடியே என் தம்பி சொல்லியிருக்கான் சார்," என்றேன்.

"யார்கிட்ட?"

"லைன்மேன் பையாலால்கிட்ட. போன்ல."

"புகார் எண் கொடுங்க."

"போன்ல சொன்னதுக்கு ஏது சார் எண்?"

"அப்போ அது புகாரே இல்ல. நம்ம பதிவேட்டுல எழுதினாத்தான் புகார். பையாலால்கிட்ட சொன்னது அவரோட நட்பு விஷயம்." வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "தபால் ஆபீஸ்லதானே இருக்கீங்க? தபால்காரன் காதுல சொன்னா அது பதிவுத் தபால் ஆயிடுமா, சொல்லுங்க."

கிளார்க்குகள் சிரித்தார்கள். அவர் சொன்னது என் தொழிலின் நியாயம்.

எங்கள் தெருவில் அந்தப் பதிவேட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மின்சாரம் போனால் பையாலாலுக்குப் போன். வந்தால் அவனுக்கு அவல் போஹாவும் ஜலேபியும். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. இப்போது பையாலாலை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் கைபேசி எண்ணும் மாறிவிட்டது.

மின் ஆய்வாளர் மாவட்டத் தலைநகரிலிருந்து விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து வந்தார். அரசாங்க அதிகாரி. நிறுவனத்தின் ஆள் இல்லை. ஏணி போட்டு ஏறி ஒட்டைப் பார்த்தார். நியூட்ரலில் இருந்த கருகிய வடுவைப் படம் எடுத்தார். பிறகு தெருக்கோடி டிரான்ஸ்பார்மரின் பெட்டியைத் திறந்து, எங்கள் தெருவுக்குப் போகும் ஃபியூஸை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதை யார் கட்டினது?" என்றார்.

தெருவே சுற்றி நின்றது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. நானும் நின்றேன்.

அவருடைய அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மறுப்புக்கு மேல்முறையீடு போட்டு, ஐந்து மாதத்தில் வாங்கினேன். அதில் இருந்தவை: கம்பி தேய்ந்த ஒட்டில் அறுந்தது. ஒட்டு பல வருடங்களாகப் பராமரிக்கப்படவில்லை. தெருவைக் கடக்கும் இடத்தில் கம்பிக்கு அடியில் இருக்க வேண்டிய காப்பு வலை இல்லை. அறுந்த கம்பி நியூட்ரலில் பட்டபோது சரியான ஃபியூஸ் கம்பி இருந்திருந்தால் நொடியில் உருகி மின்சாரம் நின்றிருக்கும். ஆனால் ஃபியூஸில் முறையான கம்பிக்குப் பதிலாகத் தடித்த அலுமினியக் கம்பி முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் யார் என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியும். தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

விபத்துக்கு முந்தைய மே மாதம். நாற்பத்தாறு டிகிரி. ஒவ்வொரு வீட்டிலும் கூலர் ஓடியது. அந்தக் கோடையில் மூன்று வீடுகளில் ஏசியும் வந்திருந்தது. டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை. ஃபியூஸ் ஒரு நாளில் நான்கு முறை போனது. பையாலாலும் அலுத்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் அவனைப் பிடித்துக்கொண்டோம்.

"தடிசா ஒண்ணு கட்டிடு அண்ணே. இனிமே நீயும் தூங்கு, நாங்களும் தூங்குறோம்," என்றான் நன்னே.

"இன்ஜினியருக்குத் தெரிஞ்சா என் தோலை உரிப்பாரு."

"அந்த ஆளு தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னைக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தாரு?"

பையாலால் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து அலுமினியக் கம்பித் துண்டை எடுத்தான். நிறுவனத்தின் கம்பி, நிறுவனத்தின் ஆள், நிறுவனத்தின் ஏணி. ஏணியை ஜுகல் பிடித்துக்கொண்டான். நான் வாசலில் நின்று "நல்லா முறுக்கிக் கட்டுப்பா" என்றேன். அன்றிலிருந்து ஃபியூஸ் ஒரு முறைகூடப் போகவில்லை.

எங்கள் வக்கீல் பட்டேரியா அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டு, காப்பு வலை, ரெண்டும் நமக்குச் சாதகம். இந்த ஃபியூஸ் என்ன கதை? தெருக்காரங்க கை வெச்சாங்களா?"

"இல்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தம்பி ஏணி பிடித்தான் என்று சொன்னால் அந்தக் கடிதத்தின் வரி உண்மையாகிவிடும் என்று பயந்தேன். நான் வாசலில் நின்று சொன்னதும் கூடவே வெளியே வரும். இரண்டில் எது பெரிய பயம் என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இழப்பீட்டு வழக்கை இரண்டு வருடக் கெடுவுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் போட்டோம். நிறுவனம் பதில் தாக்கல் செய்தது. ஒன்று, அன்று வீசியது புயல், அது தெய்வச் செயல். இரண்டு, தெருவாசிகள் ஃபியூஸில் கை வைத்தார்கள், அது அந்நியர் செயல். மூன்று, இறந்தவர் கம்பியைப் பார்த்து ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். பழைய வரி, புதிய காகிதம்.

சாட்சி சொல்லத் தெருவில் வீடு வீடாகப் போனேன். "அறுந்ததைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லு நன்னே, போதும்," என்றேன்.

"பார்த்தேன்னு சொன்னா அடுத்த கேள்வி ஃபியூஸ்ல வந்து நிக்கும் அண்ணே. என் மில்லுக்கு இருபது குதிரைத் திறன் மோட்டார். கனெக்‌ஷன் எத்தனைக்கு வாங்கியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேட்கிறேன்."

"தெரிஞ்சா கேட்காதீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். எல்லா வீட்டிலும் டீ கிடைத்தது.

ஆகவே ஊர்மிளா மட்டுமே சாட்சி. அவளுடைய பிரமாணப் பத்திரத்தை நானே எழுதினேன். பதினாறு பத்திகள். பன்னிரண்டாவது: "எங்கள் தெருவாசிகள் எவரும் ஃபியூஸைத் தொட்டதும் இல்லை, தொடச் சொன்னதும் இல்லை." கிரிஜாவிடம் கொடுத்து அனுப்பினேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது.

"படிச்சாளா?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதினதை அவ எதுக்குப் படிக்கணும்?" என்றாள் கிரிஜா.

குறுக்கு விசாரணைக்கு அவளை அழைத்தபோது தம்பி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஆறு வாய்தா. ஒரு முறை நீதிபதி விடுப்பு, ஒரு முறை வக்கீல்கள் வேலைநிறுத்தம், நான்கு முறை நிறுவனத்தின் வக்கீல் கரேவுக்கு உடம்பு சரியில்லை. ஏழாவது முறை கரே திடகாத்திரமாக வந்திருந்தார். ஊர்மிளா முக்காட்டை மூக்குக்குக் கீழே வரை இழுத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினாள். கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

நீதிபதி ஒரு பெண்மணி. "முகம் தெரியணும்மா. சாட்சி சொல்றது யாருன்னு நான் பார்க்கணும்," என்றார்.

ஊர்மிளா அசையவில்லை.

"பெஞ்சுல யாராவது பெரியவங்க இருக்காங்களா? வேணும்னா வெளியே அனுப்பிடறேன்."

நானே எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்தேன். அதற்குள் ஊர்மிளா "வேண்டாம், இருக்கட்டும்" என்று முக்காட்டைத் தலைக்குத் தள்ளினாள். பதினைந்து வருடத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை. கரேயைப் பார்த்தாள்.

"உங்க தெருவுல அடிக்கடி ஃபியூஸ் போகுமா?"

"அந்தக் கோடையில போச்சு."

"பிறகு போகல, இல்லையா?"

"போகல."

"ஏன் போகல?"

"தடிசா கம்பி கட்டினாங்க."

பட்டேரியா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கரேயின் குரல் இனித்தது. "அப்படியா! ஆனா உங்க பிரமாணப் பத்திரத்துல பன்னிரண்டாம் பத்தியில யாரும் தொடலைன்னு இருக்கே. எது பொய்?"

"அது பொய்," என்றாள் ஊர்மிளா. "அதை நான் எழுதல. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேட்கல."

"கட்டும்போது உங்க கணவர் எங்கே இருந்தார்?"

"ஏணியைப் பிடிச்சிட்டிருந்தார்."

கரே நீதிபதியின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார். "வேறொன்றும் கேட்பதற்கில்லை."

பட்டேரியா எழுந்தார். கையில் இருந்த காகிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"ஏணி மேல நின்னது யாரும்மா?"

"பையாலால். லைன்மேன்."

"கம்பி யாரோடது?"

"அவர் பையில இருந்து எடுத்தார். ஏணியும் அவர் வண்டியில வந்ததுதான். மேல கம்பெனி பேர் எழுதியிருந்துது."

"அதுக்கப்புறம் கம்பெனியிலேருந்து யாராவது வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாங்களா?"

"ஆய்வாளர் ஐயாதான் பார்த்தார். என் வீட்டுக்காரர் செத்து ஒரு மாசம் கழிச்சு."

நீதிபதி தட்டச்சரிடம் கடைசி பதிலைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் பட்டேரியா என் கையைப் பிடித்து ஆலமரத்தடிக்கு இழுத்துப் போனார். "பொய்ச் சாட்சிக்கு அந்தப் பொண்ணு மேல வழக்குப் போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வேலை செஞ்சது லைன்மேன்னு முதல்லயே சொல்லியிருந்தா மனுவுல முதல் பத்தியா போட்டிருப்பேனே ஐயா! எங்கிட்ட மறைச்சது எதிராளிக்குத்தான் உதவும், இது தெரியாதா? தெருவையே காப்பாத்தக் கிளம்பினீங்களா?"

நான் என்ன சொல்லியிருந்தாலும் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது.

திரும்பும் பேருந்தில் கிரிஜாவும் ஊர்மிளாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். ஊர்மிளா மறுபடி முக்காடு போட்டிருந்தாள். வழி முழுக்க யாரும் யார் மூலமும் எதுவும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டாம் பத்தி பொய் என்று நீதிபதி எழுதியிருந்தார். அதை மனுதாரர் தானே ஒப்புக்கொண்டதால் அவருடைய மற்ற சாட்சியத்தை நம்பலாம் என்றும் எழுதியிருந்தார். ஜூலை மழை மழைக்காலத்து மழைதான், தெய்வச் செயல் அல்ல. தன் பணியாளே தன் கம்பியால் கட்டியதை அந்நியர் செயல் என்று நிறுவனம் சொல்ல முடியாது. வெளியார் கட்டியிருந்தாலும்கூட, ஆபத்தான பொருளைத் தெருவின் மேல் கொண்டுபோகிறவர், அது தப்பி யாரையாவது கொன்றால் தவறு யாருடையது என்ற கேள்விக்குப் போகாமலே அவரே பொறுப்பு. ஏணி பிடித்தது ஃபியூஸ் விஷயம். தெருவில் சைக்கிளில் போனது அஜாக்கிரதை அல்ல. எட்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: "இறந்தவரின் அஜாக்கிரதை எதுவும் நிரூபிக்கப்படவில்லை."

அன்று மாலை அதைச் சத்தமாகப் படித்தேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "இன்னொரு தடவை, ஜீஜி," என்றாள் ஊர்மிளா. படித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தீர்ப்பின் சான்றிட்ட நகலை உறையில் போட்டு, உறையின் மேல் தேதி எழுதினேன்.

தீர்ப்பு வந்த எழுபதாம் நாள் உயர் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தது. தீர்ப்பை நிறுத்திவைக்கவும் மனுப் போட்டிருந்தது. பெறுநர் பெயரைப் பார்த்ததும் தபால் நிலையத்திலேயே நின்றேன். விதிப்படி பதிவேட்டில் ஏற்றினேன். மாலையில் வீட்டில் உறை பிரிந்து மேசையில் கிடந்தது. மேல்முறையீட்டின் ஐந்தாவது காரணம்: "விபத்துக்கு இறந்தவரின் சொந்த அஜாக்கிரதையே காரணம் என்பதைக் கீழ் நீதிமன்றம் கவனிக்கத் தவறியது." மூன்று வருடத்துக்கு முன் வந்த வரி அப்படியே.

பட்டேரியாவுக்குப் போன் செய்தேன். "நிறுத்திவைக்கிற மனுவுக்கு எதிர்ப் பிரமாணம் போடணும். பாதித் தொகையையாவது கம்பெனியைக் கட்டச் சொல்வாங்க. மேல்முறையீடு முடிய அஞ்சு வருஷம் ஆகலாம், எட்டும் ஆகலாம்," என்றார். "இந்தத் தடவை எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணைக் கேளுங்க."

போனை வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். காகிதம், கார்பன் தாள், பேனா எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். கிரிஜாவைக் கூப்பிட்டேன். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "கை மாவா இருக்கு, நீங்களே கேளுங்க," என்றாள்.

"நானா?"

"ஏன், கோர்ட்டுல ஊருக்கே முகம் காட்டினாளே. உங்ககிட்ட மட்டும் என்ன?"

கதவுத் திரை விலகியது. ஊர்மிளா வந்து எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். முக்காடு நெற்றி வரைக்கும்தான் இருந்தது. கையில் அந்தப் பழைய பிரமாணப் பத்திரத்தின் நகல். பன்னிரண்டாம் பத்தியின் கீழே பென்சிலால் ஒரு கோடு.

"அவர் சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி போன்ல சொன்னதை யாரும் எழுதி வைக்கலை. அதனால அது இல்லேன்னு ஆயிடுச்சு," என்றாள். குரல் கிரிஜாவின் குரலைவிடத் தாழ்ந்தது. அதை இத்தனை அருகில் நான் கேட்டதில்லை. "இப்ப நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. சேர்க்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

"சரிம்மா."

"நீங்க வாசல்ல நின்னு சொன்னதும் வரும்."

பேனா மூடியைக் கழற்றினேன். "சரி," என்றேன்.

தேதியைப் போட்டேன். ஒன்று என்று எண் இட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்:

"ஏணியைப் பிடிச்சிருந்தது என் வீட்டுக்காரர்தான்."